காலர் மைக் எவ்வளவு தூரம் தாங்கும்: அலைக்குறுக்கீடும் முன்சோதனையும்

சட்டையில் செருகிக்கொள்ளும் சிறிய வயர்லெஸ் காலர் மைக்குகளில் பெரும்பாலானவை இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. பேசுபவர் உடலில் இருக்கும் சிறு பெட்டியான டிரான்ஸ்மிட்டர் ஒலியை ரேடியோ அலையாக அனுப்ப, கேமராவிலோ கைபேசியிலோ செருகப்பட்ட ரிசீவர் அதைப் பெற்று மீண்டும் ஒலியாக்குகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான இணைப்பு எங்கே, எதனால் அறுபடுகிறது என்பதையும், படப்பிடிப்புக்கு முன்பே அதை அளந்து அறியும் முறையையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது. எடுத்துக்காட்டாகக் கல்யாண மண்டபம் கொள்ளப்படுகிறது. மனிதக் கூட்டம், நூற்றுக்கணக்கான கைபேசிகள், எல்.இ.டி. திரை, நேரலைக் குழுவின் ரூட்டர் ஆகிய எல்லாம் ஒரே கூரையின்கீழ்ச் சேரும் இடம் அது என்பதால், அங்கே தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு மற்ற இடங்களிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

பெட்டியில் அச்சிட்ட தூரம்

விற்பனைப் பெட்டியின்மேல் 200 மீட்டர், 250 மீட்டர் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டவர்கள், 30 மீட்டர் நீளமுள்ள மண்டபத்தில் சிக்கலே வராது என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த எண் பொய்யன்று. ஆனால் அது திறந்தவெளியில், டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று நேராகப் பார்த்திருக்க, இடையில் ஆளோ சுவரோ வேறு ரேடியோக் கருவியோ இல்லாதபோது கிடைக்கும் தூரம். அந்த நிபந்தனைகளில் ஒன்று மாறினாலும் எண் மாறிவிடும்.

அதிகமாக மாற்றுவது மனித உடல்தான். உடலின் பெரும்பகுதி நீர் என்பதால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. டிரான்ஸ்மிட்டர் முதுகுப்புறமும் ரிசீவர் முன்புறமும் இருக்கும்போது சிக்னலின் வலிமை பத்திலொரு பங்காகவும், மோசமான நிலைகளில் நூறிலொரு பங்காகவும் குறையக்கூடும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கிலொரு பங்காகும் என்ற விதியின்படி, நூறிலொரு பங்கு என்பது தூரம் பத்திலொரு பங்காகச் சுருங்குவதற்குச் சமம். அதாவது 200 மீட்டர் எட்டும் கருவி, அணிந்தவர் திரும்பி நின்ற மாத்திரத்தில், 20 மீட்டர் எட்டும் கருவியாகிவிடுகிறது. மண்டபத்துச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் இந்த இழப்பைச் சிறிது ஈடுசெய்யும் என்றாலும், அவற்றை நம்பித் திட்டமிட முடியாது என்பதற்கான காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

ஆகவே தூரம் என்பது கருவியின் குணமாக மட்டும் இருப்பதில்லை. இடமும் உடலும் கூட்டமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன, அந்தந்த இடத்தில் அளந்தால்தான் அது தெரியும்.

ஒலி அறுபடுவது எப்படி

ரேடியோ இணைப்பு மூன்று வழிகளில் கெடுகிறது. முதலாவது மேலே சொன்ன மறைப்பு. இரண்டாவது எதிரொலிப்பு அழிவு. டிரான்ஸ்மிட்டரிலிருந்து நேராக வரும் அலையும், கூரைத் தகட்டிலோ கண்ணாடிக் கதவிலோ மோதிச் சற்றுத் தாமதமாக வரும் அலையும் ரிசீவரில் சந்திக்கும்போது ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் பொருந்திவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் என்பதால், நல்ல சிக்னல் உள்ள இடத்துக்கும் செத்த இடத்துக்கும் இடையே சில சென்டிமீட்டர்களே இருக்கக்கூடும். தலையை ஆட்டியதும் ஒலி போய், மறுபடி அசைந்ததும் வந்துவிடும் விசித்திரத்துக்குக் காரணம் இதுவே. ரிசீவரை ஒரு கை அகலம் நகர்த்திப் பார்ப்பது சில வேளைகளில் பலன் தருவதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது குறுக்கீடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபை, புளூடூத், பல டிரோன்களின் ரிமோட், கம்பியில்லா மவுஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான வழி. சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் இதே பகுதியில்தான் அலையைக் கசியவிடுகிறது. காலர் மைக்குகள் இந்த நெரிசலைச் சமாளிக்க, ஒரே இடத்தில் நிற்காமல் அலைவரிசைக்குள் நொடிக்குப் பலமுறை இடம்விட்டு இடம் தாவுகின்றன. காலியிடம் இருக்கும்வரை இந்தத் தாவல் நன்றாக வேலை செய்கிறது. வைஃபையின் 1, 6, 11 ஆகிய மூன்று சானல்களிலும் மும்முரமான ரூட்டர்கள் அருகருகே இயங்கினால் அலைவரிசையின் பெரும்பகுதி நிரம்பிவிடுவதால், தாவிச் செல்ல இடம் குறைந்துவிடுகிறது.

அதே நெரிசலில் கைபேசியில் வீடியோ தடையின்றி ஓட, மைக் மட்டும் ஏன் அறுபடுகிறது என்ற கேள்வி இயல்பாக எழும். கைபேசி சில நொடி வீடியோவை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்வதால், தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்க அதற்கு நேரம் இருக்கிறது. மைக்கோ உதட்டசைவோடு பொருந்துவதற்காகச் சில மில்லிநொடிகளில் ஒலியைக் கொண்டுசேர்க்க வேண்டியிருப்பதால், தொலைந்த துண்டை மீட்க அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

பழுது ரேடியோவிலா, கம்பியிலா

தூரத்தைச் சோதிக்கும் முன், கேட்கும் குறை உண்மையிலேயே ரேடியோக் குறைதானா என்று பிரித்தறியும் பழக்கம் வேண்டும். தளர்ந்த பிளக்கைச் சிக்னல் பிரச்சினை என்று எண்ணி ரிசீவரை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதில் நேரம் வீணாவது இத்துறையில் மிகச் சாதாரணமாக நடப்பது.

டிஜிட்டல் முறையில் ரேடியோ இணைப்பு அறுந்தால் பேச்சு மட்டுமன்றிப் பின்னணி இரைச்சலும் சேர்ந்தே ஒரு கணம் மறைந்துவிடும். சொல்லின் நடுவில் கத்தரித்து எடுத்ததுபோல் ஓட்டை விழும். பழைய அனலாக் முறையிலோ ஓட்டைக்குப் பதில் சீறலும் கரகரப்பும் வரும். மைக் கம்பியோ பிளக்கோ தளர்ந்திருந்தால் உடல் அசையும் அதே நொடியில் 'டொக்', 'கர்' என்ற ஓசை எழும். பட்டுச் சேலையும் அங்கவஸ்திரமும் உராயும் ஓசை தாழ்ந்து, மூச்சுபோல் வந்துபோகும். அப்போது பேச்சு கெடுமே தவிர அறுபடாது. சீரான தாளத்தில் 'டிட்-டிட்-டிட்' என்று வரும் ரீங்காரம், 2ஜி இணைப்பில் உள்ள கைபேசி மைக் கம்பிக்கு மிக அருகில் இருப்பதைக் காட்டுகிறது; கைபேசியை வேறு பைக்கு மாற்றினால் அது நின்றுவிடும்.

காதால் முடிவுசெய்ய முடியாதபோது உறுதியான வழி ஒன்று உண்டு. இன்றைய பல டிரான்ஸ்மிட்டர்கள் ஒலியைத் தமக்குள்ளேயே பதிவுசெய்யும் வசதி கொண்டவை. அந்தப் பதிவு ரேடியோ வழியே போகாததால், டிரான்ஸ்மிட்டரின் பதிவையும் ரிசீவர் வழியாகக் கேமராவில் பதிவானதையும் ஒரே நொடியில் வைத்து ஒப்பிட வேண்டும். குறை இரண்டிலும் இருந்தால் பழுது மைக்கிலோ கம்பியிலோ உடையிலோ உள்ளது. கேமராப் பதிவில் மட்டும் இருந்தால், ரிசீவரிலிருந்து கேமராவுக்குப் போகும் சிறு கம்பியை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு, அதன்பின் ரேடியோவைச் சந்தேகிக்கலாம்.

> குறிப்பு: உட்பதிவு வசதி பல மாடல்களில் தானாக இயங்குவதில்லை, மெனுவில் அதை இயக்க வேண்டும். நினைவகம் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதும் மாடல்களும் உண்டு என்பதால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் உள்ளே இருப்பதை நகலெடுத்துவிட்டு நினைவகத்தைக் காலிசெய்துகொள்வது பாதுகாப்பானது.

அணிவிக்கும் முறை

சோதனையில் கிடைக்கும் தூரம், டிரான்ஸ்மிட்டர் உடலில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்ததால், அணிவிக்கும் முறையை முதலில் முடிவுசெய்துவிட்டு அதன்பின் சோதிக்க வேண்டும்.

1. ரிசீவர் எந்தப் பக்கம் இருக்கப்போகிறதோ அந்தப் பக்கத்தில் டிரான்ஸ்மிட்டர் இருக்க வேண்டும். மணமகன் மணவறையில் கூட்டத்தை நோக்கி அமர்வார் என்றால், இடுப்பின் பின்புறம் வேட்டிக்குள் செருகும் வழக்கமான முறை அங்கே தவறானது. இடுப்பின் பக்கவாட்டிலோ முன்புறத்திலோ வைப்பதே சரி.

2. பெட்டி தோலோடு ஒட்டாமல் இடையில் ஒரு துணி மடிப்பாவது இருக்க வேண்டும். தோலோடு ஒட்டிய ஆன்டெனாவின் திறன் குறைகிறது; அத்துடன் வியர்வை உள்ளே இறங்கினால் கருவியும் கெடும்.

3. வெளியே தொங்கும் ஆன்டெனா உள்ள மாடலானால் அது நேராகத் தொங்க வேண்டும். மடிக்கவோ சுருட்டவோ, மைக் கம்பியோடு சேர்த்துக் கட்டவோ கூடாது. ஆன்டெனா உள்ளேயே இருக்கும் சிறு பெட்டியானால், ஜரிகை அடர்ந்த சேலை மடிப்பும் தடித்த நகைகளும் அதை மூடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உலோகம் எதுவானாலும் அலையைத் தடுக்கும்.

4. அணிந்தவரின் கைபேசி டிரான்ஸ்மிட்டர் இருக்கும் பக்கத்தில் இல்லாமல் வேறு பக்கம் இருக்க வேண்டும். அவரே ஒத்துக்கொண்டால் அதை உறவினர் ஒருவரிடம் கொடுத்துவைப்பது இன்னும் நல்லது.

நடைச் சோதனை

மைக்கை அணிந்த ஒருவர் பேசிக்கொண்டே நடக்க, மற்றொருவர் ஹெட்ஃபோனில் கேட்டு, ஒலி முதன்முதலில் அறுபடும் இடத்தைக் குறித்துக்கொள்வதே நடைச் சோதனை. இதற்கு இருவர் போதும், ஏழாம் படியில் மட்டும் சுற்றி நிற்க மேலும் சிலர் வேண்டும்; அரை மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகச் செய்யலாம்.

1. டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் முழுமையாகச் சார்ஜ் செய்து, மண்டபத்திலேயே இணைத்துச் சரிபார்க்க வேண்டும். கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதைச் சில நாள்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். நிகழ்ச்சி நாளின் காலையில் அதைத் தொடவே கூடாது.

2. நிகழ்ச்சியின்போது எவையெல்லாம் இயங்குமோ அவையெல்லாம் சோதனையின்போதும் இயங்க வேண்டும்: எல்.இ.டி. திரை, விளக்குகள், நேரலைக் குழுவின் ரூட்டர், டிரோனின் ரிமோட். அமைதியான மண்டபத்தில் கிடைத்த தூரத்தைக் கணக்கில் கொள்ள முடியாது.

3. கேமராவின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைக்க வேண்டும். ரிசீவர் கைபேசியில் செருகப்பட்டிருந்தால், அந்தக் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு வைஃபையும் புளூடூத்தும் உண்மையிலேயே அணைந்தனவா என்று பார்க்க வேண்டும். ரிசீவரோடு ஒட்டியே இருக்கும் கருவிதான் அதற்கு முதல் எதிரி. ஒரு மீட்டர் தொலைவில் உள்ள ரூட்டர், பத்து மீட்டர் தொலைவில் உள்ள அதே ரூட்டரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலிமையோடு ரிசீவரை அடைகிறது.

4. இரண்டு பதிவுகளையும் தொடங்கி, ஒருமுறை பலமாகக் கைதட்ட வேண்டும். பின்னால் இரண்டையும் நேர்படுத்த அந்தத் தட்டல் உதவும்.

5. அணிந்தவர் ரிசீவருக்கு அருகிலிருந்து தொடங்கி மெதுவாக விலகிச் செல்லும்போது, இடைவெளி விடாமல் எண்களைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். தூணையோ கதவையோ கடக்கும்போது அதன் பெயரையும் சொல்ல வேண்டும். பாட்டு பாடினாலோ கதை பேசினாலோ ஒரு கண அறுபடுதல் இரு சொற்களுக்கு இடையிலான அமைதியில் விழுந்து தெரியாமல் போய்விடும். எண் வரிசையில் பதினேழு காணாமல் போனால் உடனே தெரியும்.

6. மூன்று அல்லது நான்கு மீட்டருக்கு ஒருமுறை நின்று, எண்ணிக்கொண்டே ஒரு முழுச் சுற்றுத் திரும்ப வேண்டும். அவசரமாகச் சுழலாமல், பத்து நொடியில் ஒரு சுற்று என்ற நிதானத்தில் திரும்பினால்தான் உடல் மறைக்கும் கோணம் பிடிபடும்.

7. இதே நடையை மூன்றுமுறை செய்ய வேண்டும்: ரிசீவரை நோக்கியபடி ஒருமுறை, அதற்கு முதுகு காட்டியபடி ஒருமுறை, மணவறை உயரத்தில் அமர்ந்து சுற்றிலும் மூன்று நான்கு பேரை நிறுத்திவைத்து ஒருமுறை. மூன்றாவதில் எல்லா இடங்களிலும் அமர வேண்டியதில்லை. மணவறையில் அமர்ந்தபடி இருக்க, ரிசீவரை எடுத்துக்கொண்டு மற்றவர் விலகிச் சென்றால் அதே பலன் கிடைக்கும்.

8. ஒலி முதன்முதலில் அறுபட்ட தூரமே குறிக்க வேண்டியது. ஒலி முற்றிலும் நின்றுபோன தூரம் பயன்படாது. முதல் ஓட்டை விழுந்த இடத்துக்கும் முழு மௌனத்துக்கும் இடையே பத்து மீட்டர்கூட இருக்கலாம், ஆனால் அந்தப் பத்து மீட்டரில் எடுக்கும் ஒலி எதற்கும் உதவாது.

9. கடைசியாக உள்ளங்கைச் சோதனை. நிகழ்ச்சியில் டிரான்ஸ்மிட்டர் இருக்கப்போகும் இடத்தில் நின்று, பேசிக்கொண்டே அதை உள்ளங்கைகளால் முழுமையாக மூட வேண்டும். மூடியபோதும் ஒலி நிற்காமல் வந்தால், கூட்டம் சேரும்போது ஏற்படப்போகும் இழப்பைத் தாங்கும் இருப்பு அந்த இணைப்பில் இருக்கிறது என்று கொள்ளலாம்; மூடிய உடனே அறுபட்டால், அந்த இடத்தில் இணைப்பு விளிம்பில் நிற்கிறது.

இந்தச் சோதனையில் எல்லோரும் செய்யும் பெரிய தவறு, மண்டபம் காலியாக இருக்கும் பகலில் அதை முடித்துவிட்டுத் திருப்தி அடைவது. தமிழ்க் கல்யாணங்களில் பலவற்றில் முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை அதே மண்டபத்தில் வரவேற்பு நடப்பதால், படப்பிடிப்பாளருக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்கிறது: கூட்டம் நிறைந்த அந்த மாலையில் ஐந்தாறு நிமிடம் ஒதுக்கி ஐந்தாம் ஆறாம் படிகளை மட்டும் மீண்டும் செய்துவிட்டால், மறுநாள் காலை வரப்போகும் நிலைமை அப்படியே தெரிந்துவிடும். அந்த வாய்ப்பு இல்லாதபோது, காலி மண்டபத்தில் அமர்ந்த நிலையில் கிடைத்த தூரத்தில் பாதியை மட்டுமே நம்புவது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு.

ஒரு மண்டபத்தில் இந்தக் கணக்கு

30 மீட்டர் நீளமுள்ள ஒரு நடுத்தர மண்டபத்தில், மணவறையிலிருந்து 22 மீட்டர் தொலைவில், நாற்காலி வரிசைகளுக்குப் பின்னால் முதன்மைக் கேமரா நிற்பதாகக் கொள்வோம். மணமகனின் சொற்களையும் சாஸ்திரிகளின் மந்திரத்தையும் தெளிவாக எடுப்பது நோக்கம். காலி மண்டபத்தில் நடைச் சோதனை செய்தபோது, ரிசீவரை நோக்கி நின்ற நிலையில் கடைசிச் சுவர்வரை ஒலி அறுபடவில்லை; முதுகு காட்டியபோது 18 மீட்டரில் முதல் ஓட்டை விழுந்தது; மணவறையில் அமர்ந்து சுற்றிலும் நால்வர் நின்றபோது 12 மீட்டரிலேயே விழுந்தது என்று வைத்துக்கொண்டால், என்ன முடிவெடுப்பது?

முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் ரிசீவரைக் கேமராவிலேயே மாட்டிவிடுவார். தாலி கட்டும் நேரத்தில் உறவினர் அனைவரும் எழுந்து மணவறையைச் சூழ்ந்துகொள்ளும்போது, அதாவது ஒலி மிகவும் தேவைப்படும் அந்த நிமிடத்தில், இணைப்பு அறுபடும். மூன்றாவது எண்ணையே அடிப்படையாகக் கொண்டு அதில் பாதியை எடுத்தால், ரிசீவர் மணவறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற முடிவு கிடைக்கிறது. கேமராவை நகர்த்த முடியாது. ஆனால் ரிசீவர் கேமராவோடுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ரேடியோ கடக்கும் தூரத்தைச் சுருக்கி, மிச்சத் தூரத்தைக் கம்பியிடமோ தனிப் பதிவிடமோ விட்டுவிடுவதுதான் இத்தகைய இடங்களில் நம்பத்தக்க தீர்வு.

மணவறைக்குப் பக்கவாட்டில் 5 மீட்டர் தொலைவில், தலைகளுக்கு மேலே இருக்கும்படி இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், ஒரு விளக்கு ஸ்டாண்டில் ரிசீவரைக் கட்டி, அதன் அருகிலேயே ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியையும் இணைத்துவிடலாம். ரிசீவரின் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து 20 மீட்டர் சாதாரணக் கம்பியைக் கேமராவரை இழுப்பது நல்லதன்று. அத்தகைய கம்பி நீளும்போது விளக்குகளின் மின்கம்பியிலிருந்து இரைச்சலை வாரிக்கொண்டுவரும். கம்பிதான் வேண்டும் என்றால், ஒலியைச் சமநிலை இணைப்பாக மாற்றும் டி.ஐ. பெட்டி வழியாக எக்ஸ்.எல்.ஆர். கம்பியில் கொண்டுபோக வேண்டும். தனிப் பதிவானால் தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டல் ஒன்றைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும்; இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றுபோல் ஓடாததால், ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு பிரேம் அளவு விலகல் வரக்கூடும், இறுதித் தட்டல் இருந்தால் படத்தொகுப்பில் அதை எளிதில் சரிசெய்துவிடலாம்.

ரிசீவருக்கு இடம் தேடும்போது எல்.இ.டி. திரைக்குப் பின்னாலோ ஒட்டியோ வைக்கக் கூடாது. அத்தகைய திரைகளின் மின்னணுப் பகுதிகள் ரேடியோ இரைச்சலை வெளியிடுகின்றன. மண்டபத்து ரூட்டர் மணவறையின் அருகே இருந்தால், நிகழ்ச்சி நேரத்தில் அதை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கச் செய்யும்படி மேலாளரிடம் கேட்கலாம். நேரலைக் குழுவினரிடமும் இதையே கேட்பதோடு, அவர்களுடைய ரூட்டரை எதிர்ச்சுவருக்கு நகர்த்தச் சொல்வதும் முடியும். எந்தச் சானலில் எத்தனை ரூட்டர்கள் இயங்குகின்றன என்பதை ஆண்ட்ராய்டு கைபேசியில் வைஃபை அலசும் இலவசச் செயலி ஒன்றால் முந்தைய மாலையே பார்த்துவைத்துக்கொள்ளலாம். அந்தச் செயலி வைஃபையை மட்டுமே காட்டும், டிரோன் ரிமோட்டையும் மைக்ரோவேவ் அடுப்பையும் காட்டாது என்பதை மறக்கக் கூடாது.

யு.எச்.எஃப். மைக்குகளுக்கு மாறலாமா

தொடர்ந்து பெரிய கூட்டங்களில் வேலை செய்பவர்கள் யு.எச்.எஃப். அலைவரிசை மைக்குகளை நாடுகிறார்கள். அவற்றின் அலைநீளம் அரை மீட்டரை ஒட்டியிருப்பதால் உடலைச் சுற்றி வளைந்து செல்வது எளிது. வைஃபையின் தொல்லையும் அங்கே இல்லை. ஆனால் அலைவரிசையைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டுக்கு மேற்பட்ட மைக்குகள் இருந்தால் அவை தமக்குள்ளேயே குறுக்கிட்டுக்கொள்ளாத சேர்க்கையைக் கணக்கிட வேண்டும். மேலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்போல இது இந்தியாவில் யாரும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசையன்று. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையின்கீழ் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவின் விதிகளைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் கருவி, அந்த நாட்டுக்கு ஏற்ற அலைவரிசையில் இருக்கக்கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும்.

பாதுகாப்பு

சில மைக்குகள் சட்டைக்குள் ஒரு சிறு காந்தத்தை வைத்து வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் வகையில் செய்யப்பட்டவை. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களின் மார்பில் அந்தக் காந்தத்தை வைப்பது ஆபத்தானது. காந்தங்களைப் பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளிவைக்க வேண்டும் என்பதே மருத்துவக் கருவித் துறையின் அறிவுரை. முதியவர்களுக்கு மைக் பொருத்தும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேவையானால் சாதாரணக் கிளிப்பைப் பயன்படுத்த வேண்டும்.

ரிசீவர் கட்டிய ஸ்டாண்டின் காலில் மணல்மூட்டை வைத்து, அதை ஹோம குண்டத்திலிருந்தும் குழந்தைகள் ஓடும் வழியிலிருந்தும் விலக்கி நிறுத்த வேண்டும். தரையில் ஓடும் கம்பியை அதன் முழு நீளத்துக்கும் டேப் ஒட்டி மூட வேண்டும். பெண்களுக்கு மைக் பொருத்தும்போது அவர்களுடைய வீட்டுப் பெண் ஒருவர் உதவியோடு செய்வதே முறை. உட்பதிவு ஓடிக்கொண்டிருக்கும் மைக், அணிந்தவர் தனியறையில் பேசுவதையும் பதிவுசெய்துவிடும் என்பதை முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். சடங்குகளுக்கு இடையே உடை மாற்றச் செல்லும்போது மைக்கைக் கழற்றிக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

நிகழ்ச்சி நாளின் வரிசை

1. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ரிசீவரையும் பதிவுக் கருவியையும் சோதனையில் முடிவான இடத்தில் நிறுத்தி, ஒரு குழு உறுப்பினரிடம் டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்து மணவறையில் அமரச்செய்து, இருபது எண்கள் எண்ணச்சொல்லிக் கேட்க வேண்டும்.

2. மைக்கை மணமகனுக்கு அணிவிக்கும்போதே டிரான்ஸ்மிட்டரின் உட்பதிவை இயக்கி, சிவப்பு விளக்கோ திரைக்குறியோ தெரிவதைக் கண்ணால் உறுதிசெய்ய வேண்டும்.

3. மைக் பொருத்தியவர் உடனே கேமராவுக்குத் திரும்பிவிடாமல், ரிசீவர் அருகே ஹெட்ஃபோனோடு இரண்டு நிமிடம் நின்று கேட்க வேண்டும். மணமகன் எழுந்து, குனிந்து, திரும்பும் அசைவுகள் அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறையாவது நடந்துவிடும்.

4. நிகழ்ச்சியின் நடுவில் ஒலி அறுபடத் தொடங்கினால் முதலில் ரிசீவரை ஒரு கை அகலம் நகர்த்த வேண்டும். அதில் சரியாகாவிட்டால் அருகில் யாருடைய ஹாட்ஸ்பாட்டோ டிரோன் ரிமோட்டோ புதிதாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ரிசீவரை மணவறைக்கு இன்னும் அருகே கொண்டுபோக வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் போடுவதும், மறுபடி இணைக்க முயல்வதும் சடங்கின் நடுவில் செய்யக் கூடாதவை. பல மாடல்களில் அணைத்தால் உட்பதிவும் நின்றுவிடும், காப்பாற்றக்கூடியதாக இருந்த ஒலியும் போய்விடும்.

5. நிகழ்ச்சி முடிந்ததும் டிரான்ஸ்மிட்டரில் பதிவை முறையாக நிறுத்தி, அதன்பின் கருவியை அணைத்து, அன்றைய உட்பதிவை மடிக்கணினிக்கும் ஒரு வெளி டிஸ்க்குக்கும் நகலெடுக்க வேண்டும். இரண்டு நகல்களும் திறந்து ஓடுவதைக் கேட்டுப் பார்த்த பிறகே டிரான்ஸ்மிட்டரின் நினைவகத்தை அழிக்கலாம்.